வேலை போன அன்று சொல்லும் இரண்டு வரி

*லிஃப்டில், கேன்டீனில், கம்பெனி பஸ்ஸில்... கூட வேலை பார்த்தவரின் கெட்ட நாளில் என்ன பேசுவது?*

காலை பதினொன்றரை மணி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கட்டடம். மூன்றாவது மாடி மீட்டிங் ரூமிலிருந்து ஒருவர் வெளியே வருகிறார். உள்ளே போகும்போது கையில் லேப்டாப் இருந்தது. இப்போது இல்லை. கழுத்தில் தொங்கிய ஐ.டி. கார்டும் இல்லை. பின்னாலேயே செக்யூரிட்டி வருகிறார். அவர் வேகமாகவும் நடக்கவில்லை, மெதுவாகவும் நடக்கவில்லை. இப்படிப் பின்னால் நடந்து பழக்கப்பட்டவர்போல இருக்கிறார்.

மேஜையில் எடுத்துக்கொள்ள அதிகம் எதுவும் இல்லை. ஏ.சி. குளிருக்கு வைத்திருந்த ஸ்வெட்டர், எவர்சில்வர் டிபன் பாக்ஸ், மகளின் ஸ்கூல் போட்டோ. அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. ஒருவர் திடீரென்று போனை எடுத்துக் காதில் வைக்கிறார். இன்னொருவர் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கப் போகிறார். மற்றவர்கள் ஸ்க்ரீனையே பார்க்கிறார்கள்.

அவர் ஏறும் லிஃப்டில் இருவர் டீ குடிக்கக் கீழே போகிறார்கள். விஷயம் தெரியாதவர், "என்ன ப்ரோ, இன்னிக்கு ஹாஃப் டேயா?" என்கிறார். தெரிந்தவர் அவசரமாக இடையில் புகுந்து, "கவலைப்படாதீங்க பாஸ். உங்க திறமைக்கு இதைவிட நல்ல வேலை தானா தேடி வரும்" என்கிறார். வேலை போனவர் தலையாட்டுகிறார். அதற்குள் கீழ்த்தளம் வந்துவிடுகிறது.

சொன்னவர் நல்லவர்தான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் அந்த வரி போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை, எந்த வரி சேரும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

பாடியிலிருந்து பூந்தமல்லிவரை

சென்னையின் மேற்குப் பக்கம் வேலையால் வளர்ந்த ஊர்களின் வரிசை. பாடியில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலைகள். அடுத்து, 1960-களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை. லேத் பட்டறையும் பிரஸ் ஷாப்பும் இருந்த தெருக்களுக்கு நடுவே இன்று ஐ.டி. பூங்காக்கள் நிற்கின்றன. ரயிலில் இன்னும் சில ஸ்டேஷன் தாண்டினால் ஆவடி. 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்த கனரக வாகனத் தொழிற்சாலையும், படை உடைத் தொழிற்சாலையும் அங்கேதான். தெற்கே பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கான வாசல். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நெடுஞ்சாலை ஓரமெங்கும் கம்பெனி பஸ்ஸுக்காகக் கூட்டம் நிற்கும்.

ஒரே வட்டாரத்தில் வேலை போவதற்கு வேறு வேறு பெயர்கள் புழங்குகின்றன. ஐ.டி. ஆபீஸில் "பேப்பர் போடச் சொல்லிட்டாங்க." தொழிற்சாலையில் "கணக்கு முடிச்சிட்டாங்க." கான்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பெயர்கூடக் கிடையாது, "நாளையிலேருந்து வர வேணாம்" என்று கான்ட்ராக்டர் போனில் சொல்வதோடு சரி.

2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் இரண்டு சதவீதம் பேரை, அதாவது சுமார் 12,000 பேரை, குறைக்கப்போவதாக அறிவித்தது. அதன் பிறகு ஐ.டி. குடும்பங்களின் சாப்பாட்டு மேஜையில் இந்தப் பேச்சு வராத வீடு குறைவு. அடுத்து யார் என்ற பயத்தை எல்லோரும் பேசுகிறார்கள். போனவரிடம் என்ன பேசுவது என்பதை யாரும் பேசுவதில்லை.

குரூப்பிலிருந்து பெயர் போனதும்

வேலை போனதன் முதல் அறிவிப்பு பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் தெரிகிறது. டீம் குரூப்பில் ஒருவர் நீக்கப்பட்டார் என்று ஒரு சின்ன வரி. அதன் கீழே சில மணி நேரம் யாரும் எதுவும் போடுவதில்லை. அப்புறம் யாரோ ஒருவர் வேலை சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்பார், குரூப் பழையபடி ஓட ஆரம்பிக்கும்.

சாவு வீட்டில் நமக்கு இந்தத் தடுமாற்றம் இல்லை. போய் நிற்க வேண்டும், கையைப் பிடிக்க வேண்டும், கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார வேண்டும், சொல்லாமல் கிளம்ப வேண்டும். வாய்த்திறமை இல்லாதவரும் அந்த முறையைப் பிடித்துக்கொண்டு தன் துக்கத்தைக் காட்டிவிடலாம். வேலை போன வீட்டுக்கு அப்படி ஒரு முறை உருவாகவில்லை. அதனால் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வரியைத் தேடுகிறார்கள். கிடைக்காதபோது பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இந்தத் தயக்கத்தை அளந்து பார்த்திருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் எப்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், கஷ்டத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் ஒரே இடத்தில் தவறுவது தெரிந்தது. 'சரியான வார்த்தை வருமா, அசடாகிவிடுவோமா' என்று அவர்கள் தங்கள் திறமையைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். கேட்பவரோ அதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை, வந்தவரின் அன்பைத்தான் அதிகம் பார்க்கிறார். சொல்பவர் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அந்த வார்த்தை அவருக்கு இதமாக இருந்திருக்கிறது.

அம்பத்தூரில் இதோடு இன்னொரு பயமும் சேர்கிறது. "அவன்கிட்ட பேசினா எச்.ஆர். கண்ணுல படுவோமோ?" தப்பித்துக்கொண்டோமே என்ற குற்ற உணர்ச்சியும் உண்டு. இரண்டும் மனிதருக்கு வரக்கூடியவைதான். ஆனால் எதிரில் இருப்பவருக்கு இது எதுவும் தெரியாது. எட்டு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள் ஒரே நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

ஸ்ரீபெரும்புதூர், 2014

மௌனத்தின் விலை என்ன என்று புரிந்துகொள்ள, பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. நன்றாக ஓடிய காலத்தில் நேரடியாகவே ஆயிரக்கணக்கானவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். அதிலும் பெண்கள் அதிகம். பலருடைய குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர்கள்தான். வரித் தகராறில் சிக்கியதால், 2014-ல் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது இந்த ஆலை மட்டும் அதில் சேரவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டத்தில் சுமார் 5,000 பேர் வெளியேறினார்கள். 2014 நவம்பர் 1-ம் தேதி உற்பத்தி நின்றது. அந்த டிசம்பரில் அங்கேயே ஃபாக்ஸ்கானும் உற்பத்தியை நிறுத்தியது.

ஆலை மூடும்போது சம்பளத்தோடு கம்பெனி பஸ்ஸும் போகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். ஷிஃப்டுக்குப் போகும் அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் யாருக்குக் கல்யாணம், எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், எந்த ஹாஸ்டலில் வாடகை குறைவு என்பதெல்லாம் பேசப்படும். பக்கத்து லைனில் வேலை செய்பவரை, வேறு டிபார்ட்மென்ட் ஆளை, தினம் சந்திக்க வைப்பது அந்த பஸ்தான். அது நின்றதும் அத்தனை பேரும் தத்தம் ஊரில் தனித்தனியாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இது இந்த மண்ணுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற சிற்றூரில் ஊருக்கே சோறு போட்ட நெசவாலை உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது மூடப்பட்டது. மேரி யஹோடா உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள் அந்த ஊர் மக்களைக் கூர்ந்து கவனித்து 1933-ல் ஒரு நூல் எழுதினார்கள். ஆண்கள் தெருவில் நடக்கும் வேகம் குறைந்திருந்தது. காரணமில்லாமல் அடிக்கடி நின்றார்கள். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. வேலை என்பது கூலி மட்டுமல்ல. நாளுக்கு ஓர் ஒழுங்கையும், வீட்டுக்கு வெளியே மனிதர்களையும் அதுதான் தருகிறது என்று யஹோடா பின்னாளில் விரித்து எழுதினார்.

வெளியே இருக்கும் அந்த மனிதர்கள்தான் அடுத்த வேலையையும் கொண்டுவருகிறார்கள். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டன் என்ற புறநகரில், வேலை மாறியவர்களிடம் விசாரித்தார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்த ஆளை அடிக்கடி பார்ப்பவர்கள் ஆறில் ஒருவர்தான். பாதிக்கு மேற்பட்டவர்கள் அவரை எப்போதாவதுதான் சந்தித்தார்கள். மற்றவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பதே அபூர்வம். சேதி சொன்னவர்களில் பழைய கம்பெனியில் கூட இருந்தவர்கள் நிறையப் பேர். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். வேறு பிளாக்கில் இருந்தவருக்குத் தெரிவதுதான் புதுச் சேதி.

அம்பத்தூருக்கு இது அப்படியே பொருந்தும். தொழிற்பேட்டையில் பல கம்பெனிகள் வேலைக்கு ஆள் தேவை என்று இன்றும் கேட்டில்தான் எழுதி ஒட்டுகின்றன. அந்தத் தெருவில் தினம் போகிறவருக்குத்தான் அது தெரியும். அவர் வேலை போனவருக்குப் போன் போட வேண்டுமென்றால், கடைசியாகப் பார்த்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டவராக இருக்கக் கூடாது. முதல் நாள் ஒரு வார்த்தை பேசாதவருக்கு, மூன்றாவது மாதம் நல்ல சேதி கிடைத்தாலும் கூப்பிடக் கூச்சமாக இருக்கும். அந்தச் சேதி அப்படியே நின்றுபோகும்.

ஆறுதல் ஏன் குத்துகிறது

லிஃப்டில் சொன்ன வரிக்கு வருவோம். "கவலைப்படாதீங்க, இதைவிட நல்ல வேலை தேடி வரும்."

ஆறுதல் மொழியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் பர்டியூ பல்கலைக்கழகத்தின் பிராண்ட் பர்ல்சன். எதிரில் இருப்பவரின் உணர்ச்சியை ஏற்றுக்கொள்ளும் வார்த்தைகள் உதவுகின்றன. அந்த உணர்ச்சியைத் தள்ளிவிடுபவையும் எப்படி உணர வேண்டும் என்று பாடம் எடுப்பவையும் உதவுவதில்லை என்பது அவருடைய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. "கவலைப்படாதீங்க" என்பது கேட்பவருக்கு "உங்க கவலை தேவையில்லாதது" என்று விழுகிறது. அவருக்கோ மாதம் ஐந்தாம் தேதி வீட்டுக்கடன் தவணை நிற்கிறது. "நல்ல வேலை தேடி வரும்" என்பது சொல்பவரால் காப்பாற்ற முடியாத வாக்குறுதி. இரண்டு வாரம் கழித்து எதுவும் வராதபோது அந்த வார்த்தை கசக்கும்.

"எல்லாம் நன்மைக்கே" என்பதும் இதே வகைதான். அவரே ஒரு வருடம் கழித்து அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். அன்றைக்கு அதைச் சொல்ல அடுத்தவருக்கு உரிமை இல்லை.

கேள்விகள் இன்னும் மோசம். "எவ்வளவு குடுத்தாங்க? ஏன் உங்களை மட்டும்? வீட்ல சொல்லிட்டீங்களா? அடுத்து என்ன பிளான்?" ஒவ்வொன்றும் அக்கறையில் பிறந்த கேள்விதான். ஆனால் அத்தனைக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். அதே நாளில் அதே பதிலை எச்.ஆரிடம், மனைவியிடம், அப்பாவிடம், வீட்டு ஓனரிடம் சொல்லப்போகிறவர் அவர். குறிப்பாக "ஏன் உங்களை மட்டும்?" என்ற கேள்வி, கேட்பவர் நினைக்காத குற்றச்சாட்டையும் சுமந்துகொண்டு போகிறது.

இன்னொரு வகை, தன் கதையைச் சொல்வது. "எனக்கும் 2009-ல இப்படித்தான் ஆச்சு" என்று தொடங்கினால் பத்து நிமிடத்துக்கு வேலை போனவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கம்பெனியைத் திட்டித் தீர்ப்பதும் அப்படியே. திட்டுபவரின் மனம் ஆறுகிறது, கேட்பவருக்கு எரிச்சல் கூடுகிறது. போதாக்குறைக்கு ரிலீவிங் லெட்டர் இன்னும் கையில் வராத நேரம் அது. அவரால் கூடச் சேர்ந்து திட்டவும் முடியாது.

ஒரு வரியைப் பிரித்துப் பார்ப்போம்

ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். பட்டரவாக்கம் பக்கம் ஒரு பிரஸ் ஷாப். சீனியர் ஆபரேட்டர், வயது நாற்பத்தைந்து. ஆர்டர் குறைந்ததால் கணக்கு முடித்துவிட்டார்கள். அவரிடம் வேலை கற்ற ஜூனியருக்கு மதியம் விஷயம் தெரிகிறது. சொல்லக்கூடியது இவ்வளவுதான்:

"அண்ணே, இப்பதான் கேள்விப்பட்டேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. டை செட் பண்ண எனக்குக் கத்துக்குடுத்தது நீங்கதான், அதை மறக்க மாட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில ஒரு போன் பண்றேன்."

பத்து விநாடிகூட ஆகாது. ஆனால் இதற்குள் நிறைய நடக்கிறது. விஷயம் தனக்குத் தெரியும் என்று முதலில் சொல்லிவிடுவதால், அவர் தன் வாயால் அதை இன்னொரு முறை சொல்ல வேண்டியதில்லை. அடுத்து, தன் வருத்தத்தை மட்டும் சொல்கிறார். அவர் எப்படி உணர வேண்டும் என்று சொல்லவில்லை. மூன்றாவதுதான் முக்கியம். "நீங்க திறமைசாலி" என்று பொதுவாகச் சொல்லவில்லை. டை செட்டிங் என்ற ஒரு குறிப்பிட்ட வேலையைச் சொல்கிறார். அன்று காலை அவரைத் தேவையில்லை என்று ஒரு காகிதம் சொல்லியிருக்கிறது. அவர் கையால் நடந்த ஒரு வேலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதைப் பார்த்த ஆள் சொல்வதை எந்தக் காகிதமும் மறுக்க முடியாது.

கடைசியில் நாள் குறிப்பது. "எதுன்னாலும் கேளுங்கண்ணே" என்று சொல்வது சுலபம். ஆனால் அது கேட்கும் பொறுப்பை அவர் தலையில் வைக்கிறது. ஏற்கெனவே கை ஏந்தும் நிலைக்கு வந்துவிட்டோமோ என்று கூசுபவர் கேட்கவே மாட்டார். ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாக வேண்டும். முடியாதென்றால் அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாம். மற்ற மூன்றும் போதும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் தனிச் செய்தியாகத்தான் அனுப்ப வேண்டும், குரூப்பில் அல்ல. "பதில் போடணும்னு இல்ல" என்று ஒரு வரி சேர்த்தால் அவருக்குப் பெரிய விடுதலை. கைகூப்பும் படமும் ரோஜாப்பூ படமும் வேண்டாம். அன்றோ மறுநாளோ அனுப்பினால் நல்லது. ஒரு வாரம் ஆகிவிட்டதே என்று அனுப்பாமல் விடுவது, தாமதமாக அனுப்புவதைவிடத் தவறு. "முன்னாடியே பேசியிருக்கணும்" என்று தொடங்கி அதே வரியைச் சொல்லலாம்.

பெட்டிச் செய்தி: கேட்டால் மட்டும் சொல்ல வேண்டியவை

*ஆறுதலோடு சேர்த்து அறிவுரை வேண்டாம். ஆனால் அவராகவே "என்ன பண்றது?" என்று கேட்டால், இவை உண்மையில் பயன்படும்.*

கையெழுத்து: ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போட்டால், சட்டப்படி அது அவராகவே விலகியதாக ஆகிவிடும், ஆட்குறைப்புக்கான இழப்பீட்டைக் கோருவது கடினம். படித்துப் பார்க்க ஒரு நாள் அவகாசம் கேட்பதில் தவறில்லை.

இழப்பீடு: சட்டம் 'தொழிலாளர்' என்று வரையறுப்பவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். எட்டு வருடம் என்றால் 120 நாள் சம்பளம்.

கிராஜுவிட்டி: நிரந்தர ஊழியர் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்திருந்தால் உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 30,000 ரூபாய், சர்வீஸ் எட்டு ஆண்டு என்றால் சுமார் 1,38,000 ரூபாய் வரும். 30 நாளுக்குள் தர வேண்டும்.

பாக்கிச் சம்பளம்: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, வேலையிலிருந்து நீக்கப்பட்ட இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும்.

சங்கம்: ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

ஆவடி: லிஸ்டில் பெயர் இல்லாத நாள்

ப்ரமோஷன் தவறுவது வேறு வகை வலி. வேலை போனவர் மறுநாள் அங்கே வர வேண்டியதில்லை. இவர் வர வேண்டும். அதே நாற்காலி, அதே கேன்டீன். ஒருவேளை, நேற்றுவரை 'தம்பி' என்று கூப்பிட்டவரை இன்று முதல் 'சார்' என்று கூப்பிடவும் வேண்டும்.

ஆவடியின் அரசுத் தொழிற்சாலைகளில் இது இன்னும் கூர்மை. கனரக வாகனத் தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ஆனால் மத்திய அரசு ஊழியராகச் சேர்ந்தவர்களின் மனக்கணக்கு பழைய கணக்குதான்: சீனியாரிட்டி லிஸ்ட், காலியிடம், டி.பி.சி. எனப்படும் பதவி உயர்வுக் குழு. யாருக்கு முன்னால் யார், எத்தனையாவது இடம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் ஆர்டர் வரும் நாளில் பெயர் விடுபட்டால், அது தெருவே பார்க்கும் விஷயமாகிவிடுகிறது. குவார்ட்டர்ஸில் வீட்டுக்காரம்மா காதுக்கும் மாலைக்குள் போய்விடும்.

காரணங்கள் பல இருக்கும். காலியிடம் குறைந்திருக்கலாம். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையில் ஏதோ ஒரு வருடத்தின் கிரேடு தேவையான அளவுக்குக் கீழே இருந்திருக்கலாம். ஏதாவது விசாரணை நிலுவையில் இருந்தால் குழுவின் முடிவை மூடிய உறையில் வைத்துவிடுவார்கள். இதில் எது என்று அன்றைக்கு அவருக்கே தெரியாமல் இருக்கலாம். அந்த நேரத்தில் கூட இருப்பவர்கள் காரணம் கண்டுபிடிக்கத் தொடங்குவதுதான் அவரை அதிகம் புண்படுத்துகிறது. "ஜி.எம். ஆபீஸ்ல உங்களுக்கு ஆள் இல்ல" என்பார் ஒருவர். "அந்த வருஷம் ரிப்போர்ட் எழுதினது அவருதானே?" என்பார் இன்னொருவர்.

அரசு அலுவலகங்களுக்கே உரிய ஓர் ஆறுதலும் உண்டு. "விடுங்க சார், எம்.ஏ.சி.பி.ல பணம் வந்துடுமே!" 10, 20, 30 ஆண்டுகளில் பதவி உயர்வு கிடைக்காதவருக்கும் சம்பள நிலை ஏறும் திட்டம் அது. சொல்வது உண்மைதான். ஆனால் அவர் இழந்தது பணம் அல்ல என்பதால்தான் அந்த உண்மை உதவவில்லை. சார்ஜ்மேன் என்று மகளின் கல்யாணப் பத்திரிகையில் போட நினைத்திருந்தவரிடம் சம்பளக் கணக்குப் பேசுவது ஆறுதலாகாது.

அவரோடு ஷாப்பில் வேலை செய்பவர் சொல்லக்கூடியது இது: "லிஸ்ட் பார்த்தேன் சார். உங்க பேர் இருக்கும்னுதான் நினைச்சிருந்தேன். வருத்தமா இருக்கு." இதில் ப்ரமோஷன் வந்தவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவரைக் குறைத்துப் பேசினால் நாளை மூன்று பேரும் ஒன்றாக வேலை பார்க்க முடியாது. "அடுத்த டி.பி.சி.ல நிச்சயம்" என்பதும் இல்லை, அது நம் கையில் இல்லை. சொல்லிவிட்டு அங்கேயே நிற்கவும் வேண்டாம். அவர் பேச விரும்பினால் நடந்துகொண்டே பேசலாம். கேன்டீன் மேஜையில் பத்துப் பேர் நடுவே சொன்னால் அவர் எல்லோருக்கும் முன்னால் சிரித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும்.

சில நாள் கழித்து, அவர் கேட்டால், ஒன்றைச் சொல்லலாம். மதிப்பீட்டு அறிக்கையின் ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது முழு அறிக்கையும் ஊழியர் கைக்கு வருகிறது. கிடைத்த 15 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம். ஆட்கள் பின்னால் ஓடுவதைவிட அந்தக் காகிதத்தைப் படிப்பது மேல். ஆனால் இது இரண்டாவது வாரத்துப் பேச்சு.

ஸ்வீட் பாக்ஸ் வரும்போது

ப்ரமோஷன் வந்தவர் ஸ்வீட் கொடுப்பது நம் ஊர் வழக்கம். அதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம். ஆனால் மேஜை மேஜையாக வரும் அந்தப் பெட்டி, பெயர் விடுபட்டவரின் மேஜைக்கும் வரும். மொத்த ஹாலும் நிமிராமலேயே கவனிக்கும். அவர் ஒரு மைசூர்பாகை எடுத்து, "கங்கிராட்ஸ்" என்று சொல்லி, வாயில் போட்டு விழுங்க வேண்டும்.

ப்ரமோஷன் வந்தவருக்கு மனசு இருந்தால் இதை மாற்றலாம். பெட்டியைத் திறப்பதற்கு முன்பே, காலையிலேயே, அவரைத் தனியாகப் பார்க்கலாம். "சார், உங்களுக்கு இது நல்ல நாள் இல்லைன்னு தெரியும். உங்ககிட்ட நேர்ல சொல்லிட்டுத்தான் மத்தவங்ககிட்ட போகணும்னு வந்தேன்." அவ்வளவுதான். "இந்த சீட் உங்களுக்குத்தான் சார் வந்திருக்கணும்" என்று மட்டும் சொல்லக் கூடாது. பெருந்தன்மையாகத் தெரியும். ஆனால் உடனே அவர் "சேச்சே, நீ தகுதியான ஆளுப்பா" என்று மறுத்து, ஜெயித்தவரைத் தேற்ற வேண்டிய நிலைக்கு ஆளாவார்.

செய்தி சொல்லும் மேலதிகாரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். "இதைச் சொல்ல எனக்குத்தான் ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று ஆரம்பிக்கும் மேனேஜர்கள் நிறைய. அந்தக் கஷ்டத்தை அவர் தன் வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம். அறைக்குள் முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். வானிலை, டிராஃபிக், குழந்தைகள் நலம் என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டுச் சொன்னால், அந்த ஐந்து நிமிடமும் அவர் நினைவில் ஏமாற்றாகத் தங்கிவிடும்.

நாலாவது வாரம்

முதல் வாரம் போன் வந்துகொண்டே இருக்கும். நாலாவது வாரத்தில் நின்றுவிடும். செட்டில்மென்ட் பணம் கரையத் தொடங்குவதும், இன்டர்வியூ போன இடங்களிலிருந்து பதில் வராமல் இருப்பதும் அப்போதுதான். காலை ஏழு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பி, அம்பத்தூர் ஓ.டி.யிலோ ஆவடி ஸ்டேஷனிலோ நேரத்தைக் கழித்துவிட்டு வருபவர்களும் உண்டு. அக்கம்பக்கத்துக்குத் தெரியக் கூடாது என்பதற்காக.

அப்போது கூப்பிடுபவர் "வேலை கிடைச்சுதா?" என்று தொடங்காமல் இருப்பது நல்லது. கிடைத்திருந்தால் அவரே சொல்லியிருப்பார். வேலை தேடுவதை விட்டு வேறு எதையாவது பேசலாம்: அவர் விட்டுப்போன மெஷின் இப்போது எப்படி ஓடுகிறது, கேன்டீனில் யார் கேட்டார்கள், பையன் பரீட்சை எப்படி எழுதினான். அப்படியே கையில் ஒரு சேதி இருந்தால், எந்த கேட்டில் போர்டு பார்த்தேன், யாரிடம் பேச வேண்டும், எத்தனை மணிக்கு அவர் இருப்பார் என்பதுவரை சொல்ல வேண்டும். "நம்ம கம்பெனியிலேயே ரெஃபர் பண்றேன், ரெஸ்யூம் அனுப்புங்க" என்று சொன்னவர், அனுப்பிய பிறகு அது எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நிராகரித்துவிட்டார்கள் என்றால் அதையும்தான். வெறும் மௌனத்தில் அவர் தினமும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

சம்பளத் தேதிக்கு முந்தைய நாளும், பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன் மாதமும், தீபாவளி போனஸ் பேச்சு ஓடும் வாரமும் கூப்பிடுவதற்கு நல்ல நாட்கள். பழைய குரூப்பில் போனஸ் எவ்வளவு என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தக் குரூப்பில் இல்லாதவருக்கு ஒருவராவது தனியாகப் போன் செய்து, "மத்தியானம் இந்தப் பக்கம் வர்றேன்ணே, வீட்ல இருப்பீங்களா?" என்று கேட்கலாம்.